‘எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லக்கா’: பதினொரு நாள் பதில் வராத ஒரு மெசேஜ்

தண்டையார்பேட்டை மெட்ரோ ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை. அங்கே நின்றுகொண்டு தம்பி போனை என் கையில் கொடுத்தான். “பாருங்கண்ணா, ப்ளூ டிக் விழுந்து பதினோரு நாளாச்சு. அக்கா இப்ப பெரிய கம்பெனில இருக்காங்கல்ல, மாறிட்டாங்க.”

மூன்று பேரும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள். சென்னை பாரிஸ் கார்னரில் தம்பு செட்டித் தெருப் பக்கம் ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகம். எக்ஸ்போர்ட் டெஸ்க் என் பொறுப்பில் இருந்தது. அக்கா எனக்கு அடுத்த நிலை. தம்பி 2019 ஜூனில் சேர்ந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். 2021 அக்டோபரில் அக்கா வேலையை விட்டு, கிண்டிப் பக்கம் உள்ள ஒரு சரக்கு ஃபார்வர்டிங் கம்பெனிக்குப் போனார். கொஞ்ச நாளில் தம்பியும் வேறு புரோக்கரிடம் இம்போர்ட் வேலைக்கு மாறினான். பெயர்கள் இங்கே தேவையில்லை. பாரிஸ் சின்ன இடம், யாருடைய கதை என்று அரை நாளில் தெரிந்துவிடும்.

மெசேஜைப் படித்தேன். முதலில் ஒரு ‘ஹாய் அக்கா’. மறுநாள் அவர் ‘ஹாய் பா, எப்படி இருக்க?’ என்று கேட்டிருக்கிறார். ‘நல்லா இருக்கேன்க்கா, நீங்க?’ என்று இவன். ‘நல்லா இருக்கேன்’ என்று அவர். இரண்டு நாள் கழித்துதான் விஷயம் வருகிறது:

“அக்கா உங்க கம்பெனில ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்கக்கா. எந்த வேலையா இருந்தாலும் பரவாயில்லக்கா. இங்க ரொம்ப கஷ்டமா இருக்கு. நீங்கதான் பாத்து செய்யணும்.”

அதற்குக் கீழே ஒரு ஃபைல்: `resume_final_new3.docx`.

பணிவாகத்தான் கேட்டிருக்கிறான், மூன்று இடத்தில் அக்கா போட்டிருக்கிறான். அவன் கோணத்தில் பார்த்தால் ‘எந்த வேலையா இருந்தாலும்’ என்பது விட்டுக்கொடுத்துக் கேட்பது. எதிர்ப்பக்கம் அது எப்படி இருக்கும் என்று எனக்கும் சரியாகத் தெரியவில்லை. நான் ஆள் எடுத்த காலத்தில் ரெஃபரல் என்றால் மாடிப்படியில் எதிரே வருகிற முதலாளியிடம் “சார், ஒரு பையன் இருக்கான்” என்று சொல்வதுதான். அதனால் அன்று ராத்திரி அக்காவுக்கே போன் போட்டேன்.

அக்கா பக்கம்

அவர் சிரித்துவிட்டார். “அண்ணா, சத்தியமா கோவம்லாம் இல்ல. காலடிப்பேட்டைல ஏறி கிண்டி வரைக்கும் முக்கால் மணி நேரம் நிக்கிறேன். ஒரு கை கம்பில, ஒரு கைல போன். அப்பத்தான் பாத்தேன். அப்புறம் செய்யலாம்னு விட்டேன், விட்டதுதான்.”

ஏன் விட்டார் என்று அவர் சொன்னதில்தான் இந்தக் கதையே இருக்கிறது. அவர் கம்பெனியில் ரெஃபர் செய்ய வேண்டுமென்றால் ஆளெடுப்புத் தளத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். முதல் கட்டமே வேலை எண்தான், அது இல்லாமல் அடுத்த கட்டம் திறக்காது. பிறகு ஆளின் பெயர், மெயில், போன், ரெஸ்யூம். அதற்குப் பிறகுதான் கஷ்டமான கேள்விகள்: இவரை உங்களுக்கு எப்படித் தெரியும், நேரடியாகச் சேர்ந்து வேலை செய்தீர்களா, எவ்வளவு காலம், இந்த வேலைக்கு ஏன் பொருத்தம் என்று நினைக்கிறீர்கள். இந்தக் கேள்விகள் கம்பெனிக்குக் கம்பெனி கூடும் குறையும். வேலை எண்ணும் ‘எப்படித் தெரியும்’ என்ற கேள்வியும் பெரும்பாலும் இருக்கும்.

தம்பியின் மெசேஜோடு இந்தப் படிவத்தின் முன்னால் உட்கார்ந்தால் அக்கா என்னவெல்லாம் செய்ய வேண்டும்? கம்பெனித் தளத்தில் சென்னையில் என்னென்ன வேலை திறந்திருக்கிறது என்று தேட வேண்டும். அதில் எது இவனுக்குச் சரி என்று முடிவு செய்ய வேண்டும். ஆனால் மூன்று வருடமாக இவன் என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்றால் அந்த ரெஸ்யூம் போனில் கட்டங்கள் சிதறித் திறக்கிறது. கடைசியில் ‘ஏன் பொருத்தம்’ என்பதற்கு அவரே யோசித்து நான்கு வரி எழுத வேண்டும். ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எந்த நாளும் கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொன்னார், அது கொஞ்சம் தயங்கித் தயங்கி வந்தது. முந்தின வருடம் சொந்தக்காரப் பையன் ஒருவனை ரெஃபர் செய்திருக்கிறார். இன்டர்வியூ அன்று பையன் வரவேயில்லை, போனையும் எடுக்கவில்லை. எச்.ஆர். பெண் இவர் சீட்டுக்கே வந்து, “உங்க கேண்டிடேட் எங்க மேடம்?” என்று கேட்டிருக்கிறார். “உங்க கேண்டிடேட்னு சொன்னாங்க பாருங்கண்ணா, அந்த வார்த்தை. அப்புறம் யாராவது கேட்டாலே கை நடுங்குது.”

‘முடியாது’ என்று தம்பியிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். “கஷ்டத்துல இருக்கேன், நீங்கதான் பாத்து செய்யணும்னு எழுதினவன்ட்ட எப்படிண்ணா முடியாதுன்னு சொல்றது?”

சரி என்று சொல்ல ஒரு மணி நேரம் வேண்டும், இல்லை என்று சொல்ல மனசு வராது. நடுவில் இருந்தது ப்ளூ டிக் ஒன்றுதான்.

மறுபடி எழுதினது

ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். முதல் வேலையாகக் கம்பெனித் தளத்தைத் திறந்து, ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். இரண்டு மூன்று கொடுத்தால் தேர்வு செய்யும் வேலை மறுபடி அக்கா தலையில் விழும். ‘இம்போர்ட் கஸ்டம்ஸ் எக்ஸிக்யூட்டிவ், சென்னை’ என்று ஒன்று இருந்தது. நான்கு வருட அனுபவம், பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி அறிக்கை போடத் தெரிந்திருக்க வேண்டும், கஸ்டம்ஸின் இ-சஞ்சித் தளத்தில் ஆவணம் ஏற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஜி கார்டு இருந்தால் முன்னுரிமை.

இந்த ஜி கார்டில் தம்பி முகம் சுருங்கியது. கஸ்டம்ஸில் புரோக்கரின் ஆளாக வேலை செய்ய அட்டை வேண்டும். தேர்வு எழுதித் தேறியவனுக்கு ஜி கார்டு, தேறாமல் உதவிக்கு இருப்பவனுக்கு எச் கார்டு. இவனிடம் எச் கார்டுதான். ஒரு தடவை தேர்வு எழுதித் தவறவிட்டிருக்கிறான். “அத சொல்ல வேணாம்ண்ணா, இன்டர்வியூல பாத்துக்கலாம்” என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அதை எச்.ஆர். கேட்டு அக்காவுக்குத் தெரிய வந்தால், பழைய ‘உங்க கேண்டிடேட்’ கதைதான் திரும்பவும். குறையை முதலிலேயே அவர் கையில் கொடுத்துவிட்டால், ரெஃபர் செய்வதா வேண்டாமா என்று தெரிந்தே முடிவு செய்வார்.

நேரே தளத்தில் அப்ளை பண்ணிவிட்டு அக்காவிடம் சொல்லலாமா என்று அடுத்துக் கேட்டான். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பல கம்பெனித் தளங்களில், ஒருவன் தானே அப்ளை செய்த பிறகு அதே வேலைக்கு ரெஃபர் செய்தால் ‘இவர் ஏற்கெனவே பதிவில் இருக்கிறார்’ என்று வந்துவிடும், ரெஃபரலாகக் கணக்கில் ஏறாது. ரெஃபரல் முதலில் போக வேண்டும். அதிலிருந்து வரும் லிங்கில்தான் விண்ணப்பம். பேச்சோடு பேச்சாக, எட்டு மாதத்துக்கு முன்னால் இதே தளத்தில் வேறொரு வேலைக்குப் போட்டது நினைவுக்கு வந்தது அவனுக்கு. ரெஃபரல் எடுபடுமா படாதா என்பதை அந்தப் பதிவே தீர்மானிக்கலாம். அதையும் மெசேஜில் எழுதச் சொன்னேன்.

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது ‘ஏன் பொருத்தம்’ என்ற கட்டத்துக்குத்தான். அக்கா யோசிக்க வேண்டாம், அப்படியே ஒட்டினால் போதும் என்று அவர் வாயால் சொல்வது போல நான்கு வரி எழுதிக் கொடுக்க வேண்டும். தம்பி முதலில் எழுதியது: “கடின உழைப்பாளி, நேர்மையானவர், விரைவில் கற்றுக்கொள்பவர், இம்போர்ட் வேலையில் சிறந்த அனுபவம் உள்ளவர்.” முதல் மூன்றும் எந்த ஆளுக்கும் பொருந்தும். நான்காவதை அக்கா சொல்லவே முடியாது. அவன் இம்போர்ட் வேலை செய்ததை அவர் பார்த்ததில்லை. அது ரெஸ்யூமில் இருக்கட்டும். அக்கா கையெழுத்துப் போடுகிற இடத்தில் அக்கா கண்ணால் பார்த்தது மட்டும்தான் இருக்க வேண்டும்.

அப்படி என்ன பார்த்தார்? ஒரு சம்பவம் எனக்கே நினைவிருந்தது. கன்டெய்னர் எண்ணில் நான்கு எழுத்து, ஆறு எண், கடைசியில் தனியாக ஒரு எண். அந்தக் கடைசி எண் முன்னால் உள்ள பத்திலிருந்தும் கணக்குப் போட்டு வருவது. நடுவில் இரண்டு எண் இடம் மாறினால் பெரும்பாலும் அது ஒத்துப்போகாது. ஒரு சாயங்காலம் கப்பல் கம்பெனியிலிருந்து சரக்கு ரசீது, அதாவது பி.எல்., டிராஃப்டாக வந்தது. அதில் அப்படி இரண்டு எண் மாறியிருந்ததை இவன்தான் பிடித்தான். ஓகே கொடுத்து அசல் பி.எல். வந்த பிறகு என்றால் திருத்தக் கட்டணம், பார்ட்டியிடம் பேச்சு, எல்லாம் சேர்ந்திருக்கும். அன்றிலிருந்து டெஸ்க்கில் எந்த டிராஃப்டும் அவன் பார்க்காமல் போகக் கூடாது என்று சொன்னதே அக்காதான். இதை எழுதினோம்.

கடைசியில் போன மெசேஜ் இது:

“அக்கா, போன தடவ எந்த வேலைன்னே சொல்லாம கேட்டுட்டேன், உங்களுக்குத்தான் சிரமம். இப்ப குறிப்பா ஒண்ணு கேக்குறேன். உங்க கம்பெனி தளத்துல இம்போர்ட் கஸ்டம்ஸ் எக்ஸிக்யூட்டிவ், சென்னை, போட்டிருக்காங்க. வேலை எண்ணும் லிங்க்கும் கீழ இருக்கு. இதுக்கு என்னை ரெஃபர் பண்ண முடியுமா?

அவங்க கேக்குற அனுபவம், பில் ஆஃப் என்ட்ரி, இ-சஞ்சித் மூணும் எங்கிட்ட இருக்கு. ஜி கார்டு இல்ல, எச் கார்டுதான், அடுத்த தேர்வு எழுதப் போறேன். எட்டு மாசம் முன்னாடி அதே தளத்துல வேற வேலைக்குப் போட்டிருக்கேன், இதுக்கு இன்னும் போடல. நீங்க சொன்ன பிறகுதான் போடுவேன்.

ஃபார்ம்ல போட வேண்டியது எல்லாம் அடுத்த மெசேஜ்ல இருக்கு, ரெஸ்யூம் பிடிஎஃப்பா இருக்கு. வர்ற 22ஆம் தேதி வரைக்கும்தான் திறந்திருக்கும். இங்க ஆபீஸ்ல யாருக்கும் தெரியாதுக்கா, நமக்குள்ளயே இருக்கட்டும். இப்ப தோதுப்படலன்னா ‘வேணாம்பா’ன்னு ஒரு வார்த்தை போதும், நேரா அப்ளை பண்ணிக்கிறேன்.”

அடுத்த மெசேஜில் பெயர், மெயில், போன், நோட்டீஸ் காலம் 30 நாள், 2019 ஜூன் முதல் 2021 அக்டோபர் வரை ஒரே டெஸ்க் என்ற விவரம், அதோடு ஆங்கிலத்தில் அந்த நான்கு வரி. தமிழில் சொன்னால் இப்படி: “எக்ஸ்போர்ட் டாக்குமென்டேஷனில் இரண்டு வருடம் நான்கு மாதம் என்னோடு வேலை செய்தார். பி.எல். டிராஃப்டுகளைச் சரிபார்ப்பது இவர் பொறுப்பு. வெளியிடும் முன்பே கன்டெய்னர் எண் பிழையைக் கண்டுபிடித்த பிறகு, எங்கள் டெஸ்க்கில் எல்லா டிராஃப்டும் இவர் கை வழியாகத்தான் போயின. சமீபத்திய இம்போர்ட் அனுபவத்துக்கு ரெஸ்யூமைப் பார்க்கவும்.” அதன் கீழே ‘மாத்தணும்னா மாத்திக்கோங்கக்கா’ என்று ஒரு வரி.

ஃபைல் பெயரில் ‘final’ எல்லாம் போய், ஆள் பெயரும் ‘இம்போர்ட்’ என்ற சொல்லும் மட்டும் வைத்தோம். ட்ரீட் தருகிறேன், உங்களுக்கும் போனஸ் வருமே என்று தம்பி கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தான். அடித்துவிட்டேன். எடுத்த ஆள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் ரெஃபர் செய்தவருக்குப் பல கம்பெனிகள் ஒரு தொகை தரும், உண்மைதான். அதைக் கேட்கிறவன் ஞாபகப்படுத்தினால் அக்கா மனசாரச் செய்வதற்கு ஒரு விலை ஒட்டின மாதிரி ஆகிவிடும்.

அக்கா டெஸ்க்கில் வியாழனும் வெள்ளியும் கப்பலுக்குச் சரக்கு ஒப்படைக்கும் கட்-ஆஃப் நெருக்கடி. அதனால் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு அனுப்பினான்.

எங்கள் கணக்கில் தப்பினது

நாற்பது நிமிஷத்தில் பதில் வந்தது: “சூப்பர் பா. ஆனா படிவம் ஆபீஸ் லேப்டாப்புல மட்டும்தான் திறக்கும், அதுல வாட்ஸ்அப் வராது. இதெல்லாத்தையும் என் ஜிமெயிலுக்கு ஒரு தடவ அனுப்பிடு. நைட் வீட்ல போட்டுடுறேன்.”

இது எனக்குத் தோன்றவேயில்லை. போனில் படிக்க வசதியாக எல்லாம் செய்துவிட்டு, அவர் ஒட்டப்போகிற இடம் வேறு கருவி என்பதை மறந்துவிட்டேன். மெயிலும் வேண்டுமா என்று முதல் மெசேஜிலேயே கேட்டிருக்கலாம். நல்ல வேளையாக, தம்பி தானாகவே அவருடைய ஆபீஸ் மெயிலுக்கு அனுப்பவில்லை. வெளி ஆள் வேலை கேட்கிற கடிதம் கம்பெனி மெயிலில் கிடப்பது அவருக்குச் சங்கடம்.

எட்டு மாதத்துக்கு முந்தைய விண்ணப்பத்தைப் பற்றி அக்கா எச்.ஆரிடம் கேட்டார். அவர்கள் விதியில் ஆறு மாதம் தாண்டினால் புது ஆளாகவே எடுத்துக்கொள்வார்களாம். மற்ற கம்பெனிகளில் இது ஒரு வருடமாகவும் இருக்கலாம். சொல்லாமல் விட்டிருந்தால், படிவம் திருப்பி அனுப்பும்போதுதான் தெரிந்திருக்கும்.

ராத்திரி ஒன்பதே முக்காலுக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. எங்கள் நான்கு வரியில் அக்கா ஒன்றை மாற்றியிருந்தார். ‘இவர் பொறுப்பு’ என்பதை ‘நான் இவரிடம் ஒப்படைத்திருந்தேன்’ என்று ஆக்கியிருந்தார். அவர் வாயிலிருந்து வருகிற வரி அதுதான், எங்களுக்குத் தெரியவில்லை.

ரெஃபரல் லிங்க் தம்பியின் மெயிலில் ஸ்பேம் பெட்டிக்குள் போய்க் கிடந்தது. இரண்டு நாள் அவன் பார்க்கவில்லை, அக்கா கேட்ட பிறகுதான் தேடினான். அவசரத்தில் வேறு மெயில் முகவரியில் லாகின் செய்யப் போனவனைத் தடுத்தேன். ரெஃபரலில் கொடுத்த அதே முகவரியில் போட்டால்தான் இரண்டும் ஒன்று சேரும்.

இதற்கிடையில் அவனுக்கு உற்சாகம் தலைக்கேறி, அதே கம்பெனியில் இருக்கும் இன்னும் மூன்று பழைய ஆட்களுக்கும் இதே மெசேஜை அனுப்பலாமா என்று கேட்டான். பொதுவாக முதலில் பதிவானதுதான் கணக்கு. மீதிப் பேருக்கு ‘ஏற்கெனவே இருக்கிறார்’ என்று வரும். நான்கு பேரும் கேன்டீனில் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்கள் வேறு. அக்கா ‘வேணாம்பா’ என்றிருந்தால் அடுத்தவரிடம் கேட்கலாம், அதுவரை ஒருவரிடம் மட்டும்.

இந்த மெசேஜ் எல்லாருக்கும் வேலை செய்யாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அக்கா இவனோடு இரண்டு வருடத்துக்கு மேல் தோள் உரசி வேலை பார்த்தவர், அதனால்தான் அந்த நான்கு வரி நின்றது. அதே அலுவலகத்தில் வேறு மாடியில் இருந்தவர், டீக்கடையில் தலையாட்டிப் பழகியவர் என்றால் எழுத ஒரு வரியும் கிடைக்காது. அப்படிப்பட்டவரிடம் ரெஃபரல் கேட்கக் கூடாது. அந்த டீமில் வேலை எப்படி, யாரைப் பார்க்கலாம் என்று பத்து நிமிஷப் பேச்சு கேட்கலாம், அதற்கு அவர் தலையை அடகு வைக்க வேண்டியதில்லை.

பிறகு

ஒன்பதாம் நாள் இன்டர்வியூவுக்கு அழைத்தார்கள். அழைப்பு வந்த உடனே ஒரு வரி அக்காவுக்கு, முடித்து வெளியே வந்ததும் இன்னொரு வரி. சொல்லிக் கொடுத்ததுதான், ஆனால் ‘கரெக்டா போயிட்டேன்க்கா, பத்து நிமிஷம் முன்னாடியே’ என்று அவனாக ஒன்று சேர்த்திருந்தான். சொந்தக்காரப் பையன் கதை அவனுக்குத் தெரியாது. அந்த வரிக்கு மட்டும் அக்கா இதயம் போட்டிருந்தார்.

வேலை கிடைக்கவில்லை. ஜி கார்டு உள்ள ஒருவரை எடுத்துவிட்டார்கள். அன்றைக்கே அக்காவுக்குச் சொன்னான்: “ஜி கார்டுக்காக வேற ஆள எடுத்துட்டாங்கக்கா. நீங்க போட்டதாலதான் உள்ள வரைக்கும் போனேன், நன்றி.” வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆறு வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை காலை, எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. அக்கா அவனுக்கு அனுப்பியது: “தம்பி, எங்க எக்ஸ்போர்ட் டெஸ்க்ல ஒரு சீட் வருது. கார்டு தேவையில்ல. பழைய பிடிஎஃப் எங்கிட்ட இருக்கு. நோட்டீஸ் இன்னும் 30 நாள்தானே? மத்தியானம் போட்டுடவா?”